ஆங்கிலம் தெரியாத அம்மாவும் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கையில் வரும் ஜனவரி மாதத்தில், தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே பேச்சுதான் கேட்கும். "மத்த பாடமெல்லாம் தேறிருவான், இங்கிலீசுதான் பயமா இருக்கு." அதற்கு அடுத்து வருவது, "எங்களுக்கே தெரியாது, நாங்க என்னத்தச் சொல்லிக் கொடுக்கிறது?" பத்தாம் வகுப்புக்குப் பல ஆண்டுகள் ஆங்கிலம் எடுத்தவன் என்ற முறையில் இதற்கு என் பதில் ஒன்றுதான். சொல்லிக் கொடுக்க வேண்டியது பெற்றோர் இல்லை, ஆசிரியர். பெற்றோர் செய்ய வேண்டியது பிள்ளை வாசிப்பதைக் கேட்பதும், எழுதியதைப் பார்ப்பதும். இரண்டுக்கும் ஆங்கிலம் சரளமாக வர வேண்டியதில்லை. எழுத்துகளை அடையாளம் தெரிந்தால் போதும். இதை எப்படிச் செய்வது என்பதை, ஈரோடு பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன்.

அந்த அம்மா தையற்கடையில் வேலை பார்க்கிறார். எட்டாவது வரை தமிழ்வழியில் படித்தவர். மகன் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது. அரையாண்டில் ஆங்கிலத்தில் 31 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும். அவர் என்னிடம் கேட்டது, எந்தக் கைடு வாங்கலாம் என்று. நான் கேட்டது, பையனின் விடைத்தாளைப் பார்க்கலாமா என்று.

இங்கேதான் தொடங்க வேண்டும். மதிப்பெண் ஓர் எண், அதிலிருந்து எதுவும் தெரியாது. விடைத்தாள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இப்போது ஒரே தாள், நூறு மதிப்பெண், மூன்று மணி நேரம். நான்கு பகுதிகள். முதல் பகுதியில் ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினான்கு: பொருள், எதிர்ச்சொல், பன்மை, சொற்களைச் சேர்ப்பது போன்றவை. இரண்டாம் பகுதியில் இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு இருபது. நான்காம் பகுதிக்குப் பதினாறு. மீதி ஐம்பதும் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அங்கே எல்லாம் ஐந்து மதிப்பெண் கேள்விகள், எல்லாம் எழுதும் கேள்விகள்.

அந்தப் பையனின் தாளில் முதல் பகுதியில் ஏழும் இரண்டாம் பகுதியில் ஒன்பதும் கிடைத்திருந்தன. ஐம்பது மதிப்பெண் பகுதியில் கிடைத்தது பதினொன்று. நான்காம் பகுதியில் நான்கு. மூன்றாம் பகுதியின் பக்கங்களை அம்மாவிடம் காட்டி, "இங்க என்ன தெரியுதுங்க?" என்று கேட்டேன். அவர் உடனே சொன்னார்: "எழுதவே இல்லீங்களே." அவ்வளவுதான். செய்யுள் பத்தி இரண்டுக்கும் கேள்வி எண் மட்டும் போட்டு இடம் விட்டிருந்தான். கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுவது, குறிப்பெடுப்பது, பிழை திருத்துவது ஆகிய ஆறில் நான்கு எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எழுதியிருந்தான். உரைநடைப் பத்தி ஒன்றில் மூன்று வரி நன்றாக ஓடி, நான்காவது வரியின் நடுவில் சட்டென்று நின்றிருந்தது. இன்னொன்றில் கேள்வியையே திருப்பி இரண்டு தடவை எழுதி வைத்திருந்தான்.

இந்த மூன்றும் மூன்று வேறு நோய்கள். நடுவரியில் நின்றது மனப்பாடம் அறுந்த இடம். கேள்வியைத் திருப்பி எழுதியது, பாடம் என்னவென்றே தெரியாததற்கு அடையாளம். வெற்றிடம், சொந்தமாக ஒரு வரி எழுதிப் பழகாததன் விளைவு. பிள்ளை சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் பெற்றோர் இந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதவருக்கும் வெற்றிடம் தெரியும், பாதியில் நின்ற வரி தெரியும், கேள்வித்தாளோடு ஒத்துப் பார்த்தால் திருப்பி எழுதியதும் தெரிந்துவிடும்.

முதலில் வாசிப்பு. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் முதல் உரைநடைப் பாடம் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. அயர்லாந்து எழுத்தாளர் லியம் ஓ'ஃப்ளாஹர்ட்டி எழுதிய சிறுகதை. பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியாக நிற்கும் ஒரு கடற்காகக் குஞ்சின் கதை. அதையே எடுத்துக்கொண்டோம்.

அம்மா வேலை முடிந்து வந்து அடுப்படியில் நிற்கும் நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த நேரம். பையன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். முழுப் பாடமும் வேண்டாம், ஒரு பத்தி போதும். ஆனால் அதே பத்தியை மூன்று அல்லது நான்கு தடவை. அமெரிக்காவில் ஜே சாமுவேல்ஸ் என்ற கல்வி உளவியலாளர் 1979-இல் இந்த முறையை விரிவாக எழுதினார். தடுமாறி வாசிக்கும் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு புதிய பக்கம் கொடுப்பதைவிட, சிறிய பகுதி ஒன்றைச் சரளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கவைப்பது நல்லது என்பது அவர் கருத்து. காரணம் எளிது. ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிட்டால், பொருளைப் பிடிக்க எதுவும் மிச்சமிருக்காது. எழுத்துக் கூட்டும் வேலை தானாக நடக்கத் தொடங்கிய பிறகுதான் கதை உள்ளே இறங்கும்.

முதல் நாள் வாசிப்பைக் கேட்டுவிட்டு அம்மா என்னிடம் சொன்னார், "ஒண்ணும் புரியலீங்க, ஆனா முழுங்கறான்." அந்தக் காது போதும். கேட்கிறவர் கவனிக்க வேண்டியவை மிகக் குறைவு. முற்றுப்புள்ளி வரும் இடத்தில் குரல் நிற்கிறதா? நீளமான சொல் வரும்போது குரல் தாழ்ந்து முணுமுணுப்பாகிறதா? வரி மாறும்போது ஒரு வரியையே தாண்டிவிடுகிறானா? முணுமுணுத்த இடத்தில் "அங்க மறுபடி வாசி கண்ணு" என்றால் போதும். பையனே அந்தச் சொல்லின் கீழ் பென்சிலில் கோடு போட்டுக்கொள்வான். மறுநாள் பள்ளியில் ஆசிரியரிடமோ நன்றாக வாசிக்கும் நண்பனிடமோ அந்தச் சொற்களைக் கேட்டு வர வேண்டும். முதல் பத்தியில் கோடு போட்ட சொற்கள் நிறைய இருந்தன, நான்காவது பத்திக்கு வரும்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரே ஆசிரியரின் கதையில் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதும் இதற்குக் காரணம்.

நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆங்கில வரிக்கு மேலேயே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வார்கள். இந்தப் பையனின் புத்தகத்திலும் பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. நான் அதை அடியோடு தடுக்கச் சொல்ல மாட்டேன், தட்டித் தடுமாறும் பிள்ளைக்கு அது ஒரு பிடி. ஆனால் முழு வரிக்கும் எழுதினால் கண் தமிழ் எழுத்தை மட்டுமே பார்க்கும், ஆங்கில எழுத்து கண்ணில் படவே படாது. தேர்வில் எழுத வேண்டியதோ ஆங்கில எழுத்து. அதனால் ஒரு நிபந்தனை வைத்தோம். சிக்கிய சொல்லுக்கு மட்டும், பென்சிலில் மட்டும். மூன்றாம் தடவை வாசிக்கும் முன் ரப்பரால் அழித்துவிட வேண்டும். அழிக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார்.

வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கதையைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். இதைப் பல பெற்றோர் வீண் வேலை என்று நினைக்கிறார்கள். ஆங்கிலத் தேர்வுக்குத் தமிழில் எதற்குக் கதை? ஆனால் பொருள் புரிந்ததா என்பதைச் சோதிக்க ஆங்கிலம் தெரியாத பெற்றோரிடம் இருக்கும் ஒரே கருவி இதுதான், அதுவும் கூர்மையான கருவி. முதல் தடவை பையன் சொன்னது: "ஒரு பறவை இருந்துச்சும்மா, பறந்துச்சு." அம்மா கேள்வி கேட்டார். "ஏன் மொதல்லயே பறக்கல?" "பயம்." "அதோட அண்ணன் தம்பியெல்லாம் எங்க?" அவன் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டு சகோதரர்களும் ஒரு சகோதரியும் முந்தின நாளே பறந்து போய்விட்டார்கள். "பெத்தவங்க என்ன பண்ணுனாங்க?" "திட்டிப் பாத்தாங்க. பட்டினி கெடந்து சாவேன்னு மெரட்டுனாங்க." "அப்புறம் எப்படிப் பறந்துச்சு?" இதற்கு அவனுக்கு விடை தெரியவில்லை. மறுநாள் அந்தப் பத்தியை வாசித்துவிட்டு வந்து சொன்னான். தாய்ப்பறவை அலகில் மீன் துண்டோடு குஞ்சுக்கு நேரெதிரே வருகிறது, அருகில் வந்து கொடுக்காமல் அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. பசி பொறுக்க முடியாமல் குஞ்சு மீனை நோக்கிப் பாய்கிறது, விழுகிறது, விழும்போதே சிறகு விரிகிறது. "அந்தம்மா கெட்டிக்காரிதான்" என்றார் அம்மா. பையன் சிரித்துவிட்டான். அன்றைக்கு அந்தக் கதை அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. ஏன், எப்படி, அப்புறம் என்ன என்ற கேள்விகளுக்குத் தமிழில் விடை சொல்லத் தெரிந்தவன் கேள்வியைத் திருப்பி எழுதிவிட்டு உட்கார மாட்டான்.

இனி எழுத்து. மாலையில் வாசித்ததை மறுநாள் காலையில், பள்ளிக்குக் கிளம்பும் முன், புத்தகத்தைப் பார்க்காமல் ஐந்து ஆறு வரி எழுத வேண்டும். எழுதிப் பார்க்காமல் இன்னொரு தடவை வாசித்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதில். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவினர் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். இரண்டு நாளும் ஒரு வாரமும் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. வீட்டில் நடக்கும் ஏமாற்றமும் இதுதான். இரவு பத்து தடவை படித்துவிட்டு "எல்லாம் தெரியும்மா" என்று பிள்ளை சொல்வது பொய்யில்லை, அந்த நேரத்துக்கு அது உண்மை. தேர்வு அறையில் அது இருக்காது.

கைடில் உள்ள பத்தியை வரிக்கு வரி மனப்பாடம் செய்வதில் இன்னொரு ஆபத்து உண்டு. அந்தப் பத்திகள் பெரும்பாலும் பிள்ளையின் தகுதிக்கு மேற்பட்ட நீண்ட வாக்கியங்களில் இருக்கும். ஒரு சொல் மறந்தால் அதற்கு அடுத்த சொல்லைப் பிடிக்க வழியில்லை. அரையாண்டில் இந்தப் பையனின் நான்காவது வரி நின்றது அப்படித்தான். கதையைத் தெரிந்துகொண்டு சின்னச் சின்ன வாக்கியமாகச் சொந்தமாக எழுதுகிறவனுக்கு ஒரு வாக்கியம் மறந்தாலும் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடலாம். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குக் கைடு துணையாக இருக்கலாம். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்குக் கைடுப் பத்தி ஒரு சுமை என்பது என் உறுதியான கருத்து.

அவன் முதல் காலை எழுதியதை அப்படியே தருகிறேன், தமிழ் எழுத்தில்: "சீகல் அலோன். பிரதர்ஸ் ஃப்ளை. ஹீ ஃபியர். ஹிஸ் மதர் ஃபிஷ். ஹீ ஹங்க்ரி. ஹீ ஃப்ளை." பல வீடுகளில் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆறு வரியும் சரியான வரிசையில் இருந்தன. கதை முழுவதும் இருந்தது. கைடின் ஒரு சொல்கூட இல்லை. இதைத் திருத்திவிடலாம், வெற்றிடத்தைத் திருத்த முடியாது.

ஆனால் எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சிவப்பு மையால் சுழித்தால் அடுத்த நாள் அவன் எழுத மாட்டான். ஒரு வாரத்துக்கு ஒரே பிழை என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரம் எடுத்தது 'வாஸ்'. தமிழில் 'குஞ்சு தனியாக இருந்தது' என்பதைப் போல, 'குஞ்சு தனி', 'அவன் நல்லவன்' என்று வினைச்சொல் இல்லாமலும் வாக்கியம் முடியும். ஆங்கிலத்தில் முடியாது. 'ஹீ ஹங்க்ரி' என்று நம் பிள்ளைகள் எழுதுவது கவனக்குறைவால் இல்லை, தாய்மொழியின் வாக்கிய அமைப்பு உள்ளே வேலை செய்வதால். ஆளின் நிலைமையைச் சொல்லும் வரியில், அதாவது தனியாக, பயந்து, பசியோடு என்று வரும் வரியில், மூன்றெழுத்துச் சொல்லான 'வாஸ்' இருக்க வேண்டும் என்பதே அந்த வாரப் பாடம். அதைக் கண்டுபிடிக்க அம்மாவால் முடிந்தது. "இந்த வரியில அந்த மூணெழுத்து இல்லையே சாமி" என்பார். அவன் பார்த்துத் திருத்திக்கொள்வான். வார முடிவில் அவன் எழுதியது: "தி யங் சீகல் வாஸ் அலோன். ஹிஸ் பிரதர்ஸ் ஃப்ளை அவே. ஹீ வாஸ் அஃப்ரெய்ட். ஹிஸ் மதர் பிராட் எ ஃபிஷ். ஹீ வாஸ் வெரி ஹங்க்ரி. ஹீ டைவ்ட் அண்ட் ஹீ ஃப்ளை." 'ஃப்ளை' இன்னும் 'ஃப்ளூ' ஆகவில்லை. இறந்தகாலம் அடுத்த வாரத்துக்கு.

பிழையைச் சரிபார்ப்பதில் ஆங்கிலம் தெரியாத பெற்றோரால் முடிவது இன்னும் கொஞ்சம் உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் பெரிய எழுத்தில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடிகிறதா என்று பார்க்கலாம். பாத்திரங்களின் பெயரையும் பாடத் தலைப்பையும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். காலம், இடைச்சொல் எல்லாம் ஆசிரியரின் வேலை. வாரத்துக்கு ஒரு முறை அந்த நோட்டை ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். கைடைப் பார்த்து எழுதிய நோட்டை ஆசிரியர்கள் பொதுவாகப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பிள்ளை சொந்தமாகத் தப்பும் தவறுமாக எழுதிய நோட்டு வந்தால் உட்கார்ந்து பார்ப்பார்கள், அதை நான் நிச்சயமாகச் சொல்வேன்.

கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படம் முதலியவை அடங்கிய பிரிவில் இருபது மதிப்பெண் இருக்கிறது. பாடமே படிக்காவிட்டாலும் எழுதக்கூடிய இருபது. இதை விட்டுவிட்டு உரைநடைப் பத்தியோடு போராடுவது எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகள் செய்யும் பெரிய பிழை. இங்கே அமைப்புக்கே மதிப்பெண் உண்டு. கடிதம் என்றால் அனுப்புநர், பெறுநர், நாள், விளிப்பு, பொருள், முடிப்பு, உறையின் மேல் முகவரி. இவை எந்த இடத்தில் வர வேண்டும் என்பது கையில் படிந்துவிட்டால் நடுவில் நான்கு எளிய வாக்கியம் போதும்.

இதற்கு உள்ளடக்கம் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா வேலை பார்க்கும் தையற்கடைக்கு ஒரு விளம்பரம் எழுதச் சொன்னேன். கடையின் பெயர், என்னென்ன தைப்பார்கள், பள்ளிச் சீருடைக்கு எத்தனை நாளில் கிடைக்கும், தள்ளுபடி உண்டா, எங்கே இருக்கிறது, தொலைபேசி எண். எல்லாம் அம்மா தமிழில் சொன்னார், பையன் அவற்றுக்கு ஆங்கிலச் சொல் தேடி ஒரு கட்டத்துக்குள் எழுதினான். விளம்பரத்தில் முழு வாக்கியம் தேவையில்லை என்பதால் இலக்கணத்துக்குப் பயந்தவனுக்கும் அது கைகொடுக்கும். அடுத்து, தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சித் தலைவருக்கு ஒரு கடிதம். விளக்கு உண்மையாகவே எரியவில்லை. அதனால் என்ன எழுதுவது என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை: எத்தனை நாளாக இருட்டு, யார் யார் அந்த வழியாகப் போகிறார்கள், பாம்பு வந்தது. படத்தைப் பார்த்து எழுதும் கேள்விக்கு, நாளிதழில் வரும் ஒரு படத்தை எடுத்து, யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எங்கே, உனக்கு என்ன தோன்றுகிறது என்று நான்கு வரி. வாரத்தில் இரண்டு காலை இந்தப் பிரிவுக்கு, மற்ற காலைகள் பாடத்துக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

மனப்பாடச் செய்யுளுக்கு ஐந்து மதிப்பெண். இதில் பிள்ளைகள் வாயால் சரியாகச் சொல்லிவிட்டுக் கையால் இழப்பார்கள். எழுத்துப்பிழை, வரியை உடைக்கும் இடம், நிறுத்தக்குறி எல்லாம் எழுதும்போதுதான் தெரியும். ஆகவே ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பதோடு நிறுத்தாமல், எழுதச் சொல்லிப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஆங்கில அறிவே தேவையில்லை, பொறுமை போதும். தேர்வில் எந்தச் செய்யுள்களிலிருந்து கேட்கலாம் என்று ஆசிரியர் பட்டியல் சொல்வார். வினாத்தாள் அமைப்பிலும் சிறு மாற்றங்கள் வரலாம் என்பதால் பள்ளியில் நடப்பாண்டு மாதிரி வினாத்தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து மதிப்பெண் கேள்விகளில் நான்கை மட்டும் எடுத்து, கடிகாரம் வைத்து எழுதினான். மூன்று மணி நேரத்தை மதிப்பெண்ணால் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஐந்து மதிப்பெண் கேள்விக்குச் சுமார் ஒன்பது நிமிடம். முதலில் அவனுக்கு ஒரு பத்திக்கு இருபது நிமிடம் ஆனது. தெரிந்ததையும் முடிக்காமல் வருவது இதனால்தான், இதை வீட்டில் நேரம் பார்த்து எழுதாமல் கண்டுபிடிக்க முடியாது. பொதுத்தேர்வில் எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிடமும், விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடமும் தருவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தெந்தக் கேள்வியை எழுதப்போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும் என்பதையும் ஞாயிறுகளில் பழகினான்.

பிப்ரவரித் திருப்புதல் தேர்வில் ஐம்பது மதிப்பெண் பகுதியில் அவனுக்குக் கிடைத்தது 24. ஒரு கேள்வியும் வெற்றிடமாக இல்லை. பொதுத்தேர்வில் மொத்தம் 57. பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் அந்த 57-இல் ஒவ்வொன்றும் அவன் சொந்தமாக எழுதி வாங்கியது, பதினொன்றாம் வகுப்பில் அது அவனோடு வரும்.

இந்த வழக்கத்துக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் தொடங்கினால் எல்லாப் பாடத்தையும் இப்படி முடிக்க நேரம் இருக்காது. உரைநடையில் நான்கு, துணைப்பாடத்தில் மூன்று, செய்யுளில் சில என்று ஆசிரியரோடு பேசித் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை தமிழை நன்றாக வாசித்து ஆங்கிலத்தில் மட்டும் திணறினால் மேலே சொன்னது பலன் தரும். தமிழ் வாசிப்பிலும் எழுத்துகள் இடம் மாறி, வரிகள் குழம்பி, கேட்டால் எல்லாம் சொல்கிற பிள்ளைக்கு எழுதினால் மட்டும் எதுவும் வராமலிருந்தால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையை இன்னும் பத்து தடவை வாசி என்று உட்காரவைப்பது கொடுமை. மருத்துவச் சான்றோடு பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்தால், சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. விண்ணப்பம் தேர்வுக்கு வெகு முன்பே போக வேண்டும். பத்தாவது தொடங்கியதும் பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பையன் எழுதிய நோட்டையே எடுத்து, அவன் எழுதிய பத்திகளையே மறுபடி எழுதச் சொல்லுங்கள். பத்து மணிக்குத் தூங்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் அந்த வாரம் உங்கள் வீட்டில் பேச்சாக வேண்டாம்.

ஒருவேளை 35 வராமல் போனாலும் ஆண்டு வீணாகாது. பொதுத்தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே தவறிய பாடத்துக்கு மட்டும் துணைத்தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அதே ஆண்டிலேயே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். விண்ணப்பிக்கும் நாள்கள் குறைவு. முடிவு வந்த அன்றே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.